ஃப்ளூ போன பின்னும் தெளியாத தலை

ஜூலை கடைசியில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா ஃபோன் செய்தாள். மும்பையில், முலுண்டில் இருக்கிறாள், பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வயது நாற்பத்து மூன்று. "டேய், 48,630-ஐ 46,830-னு அடிச்சிருக்கேன்டா. 1,800 ரூபாய் இடிக்குது. அது எங்கேன்னு தேட ஒரு மணி நேரம் ஆச்சு" என்றாள்.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று புரியும். இடிக்கிற தொகை ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம் என்பது அந்தத் தொழிலின் பழைய சூத்திரம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். 1,800 என்றதும் அரை நிமிடத்தில் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. அதைவிட அவளைப் பயமுறுத்தியது, தவறு கிடைத்த பிறகு கழிவறைக்குப் போய் அழுததுதான். "ஒரு எண்ணுக்காக யாராவது அழுவாங்களாடா?"

ஃப்ளூ வந்து அன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். காய்ச்சல் நான்கு நாள் இருந்தது, எட்டாம் நாளே வேலைக்குப் போய்விட்டாள். இருமல் கொஞ்சம் மிச்சம், மற்றபடி "சரியாகிவிட்டது". ஆனால் மண்டைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது, சாயங்காலம் ஆனால் மனசு காரணமில்லாமல் விழுகிறது, ஸ்டேஷன் மேம்பாலம் ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது.

சயானில் சின்னதாக ஒரு கிளினிக் நடத்துகிறேன். மழைக்காலத்தில் இந்தக் கதையைத் தமிழில், மராத்தியில், இந்தியில் என்று வாரத்துக்குப் பல முறை கேட்பேன். தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலிக்காரர்கள்கூட இதற்கு இந்தியில் "கம்ஜோரி", அதாவது பலவீனம், என்றே சொல்வார்கள். அந்த ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கும். எது எது என்று பிரிப்பதுதான் வேலை. அக்கா விஷயத்தில் அதை நானே கொஞ்சம் சொதப்பினேன், அதையும் சொல்கிறேன்.

முதலில், காய்ச்சல் போன பிறகும் தலை ஏன் தெளிவதில்லை? ஃப்ளூ வைரஸ் தங்குமிடம் மூக்கு, தொண்டை, நுரையீரல். பெரும்பாலானோருக்கு அது மூளைக்குள் போவதே இல்லை. மூளைக்குப் போவது செய்திதான். வைரஸை எதிர்க்கும் செல்கள் இன்டர்ஃபெரான், இன்டர்லூக்கின் போன்ற ரசாயனங்களைச் சுரக்கின்றன. அவை ரத்தம் வழியாகவும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளைக்குச் சேதி சொல்கின்றன: படு, சாப்பிடாதே, யாரோடும் பேசாதே, புதிதாக எதையும் தொடாதே. நோயுற்ற ஆடும் கோழியும் ஒரு மூலையில் போய் ஒடுங்குவதைக் கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். அதே ஏற்பாடுதான். உடம்பு தன் சக்தியை எல்லாம் சண்டைக்கு ஒதுக்குவதற்காக மூளை வேண்டுமென்றே சுருதியைக் குறைத்துக்கொள்கிறது.

அப்படியானால் மனசு விழுவது நோயைப் பற்றிய கவலையால்தானே, ரசாயனம் எங்கே வந்தது என்று கேட்கலாம். இதற்கு நல்ல சான்று ஃப்ளூவிலிருந்து வரவில்லை, கல்லீரல் வார்டிலிருந்து வந்தது. ஹெபடைட்டிஸ் சி நோய்க்குப் பல ஆண்டுகள் இன்டர்ஃபெரான் ஊசிதான் சிகிச்சையாக இருந்தது. அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களில் கணிசமானவர்களுக்கு மந்தம், கவனக் குறைவு, எரிச்சல், சிலருக்கு முழுமையான மனச்சோர்வு நோயே வந்தது. ஊசியை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு விலகியது. காய்ச்சல் காலத்தில் நம் உடம்பே சுரக்கும் பொருளை வெளியிலிருந்து செலுத்தியபோதும் மனம் விழுந்தது. இதை "மனதைரியம் இல்லாதவர்களுக்கு வருவது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

கவனம் சிதறுவதற்கும் நேரடியான சோதனை உண்டு. இங்கிலாந்தில் சால்ஸ்பரி ஊருக்குப் பக்கத்தில் 1946-லிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு ஜலதோஷ ஆய்வகம் இயங்கியது. தாமே முன்வந்தவர்களின் மூக்கில் வைரஸைச் சொட்டுவிட்டு அவர்களைத் தங்கவைத்துப் பார்த்தார்கள். ஆண்ட்ரூ ஸ்மித் என்ற உளவியலாளர் அவர்களுக்குச் சின்னச் சின்னச் சோதனைகள் வைத்தார். சாதாரண ஜலதோஷம் வந்தவர்களுக்குக் கையும் கண்ணும் சேர்ந்து செய்யும் வேலை தடுமாறியது. ஃப்ளூ வந்தவர்களுக்கு அது தடுமாறவில்லை. திரையில் எப்போது தோன்றும் என்று தெரியாத ஒன்றுக்குப் பதில் கொடுப்பதும், பல எழுத்துகளுக்கு நடுவே ஒன்றைத் தேடிப் பிடிப்பதும்தான் மந்தமாயின. அக்காவின் வேலையே அதுதான், நூறு எண்களுக்கு நடுவே ஒன்றைத் தேடிப் பிடிப்பது. அதனால்தான் சமையலில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை, அலுவலக நாற்காலியில் உட்கார்ந்ததும் தெரிந்தது.

காய்ச்சல் இறங்கிய அன்றே இந்த ரசாயனங்கள் வற்றிவிடுவதில்லை. இருமல் இரவில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்குகிறது. நான்கைந்து நாள் படுக்கையிலும் அரை வயிற்றிலும் கிடந்ததில் தொடைத் தசையும் கொஞ்சம் இளைத்திருக்கும். எல்லாம் சேர்ந்து, மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவருக்கு இரண்டு வாரம், சிலருக்கு மூன்று வாரம் வரை அசதியும் மந்தமும் நீள்வது சாதாரணம். வயதானவர்களுக்கும், நிமோனியாவரை போய் வந்தவர்களுக்கும் இன்னும் நீளும். 1889-90-இல் உலகைச் சுற்றிய பெருங்காய்ச்சலுக்குப் பிறகு ஐரோப்பிய மருத்துவர்கள் இந்தப் பின்வாட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். புதிய சங்கதி ஒன்றும் இல்லை.

ஆனால் நான் நாள் கணக்கை மட்டும் நம்புவதில்லை. எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். பத்தொன்பதாம் நாள் மந்தமாக இருப்பவர் பன்னிரண்டாம் நாள் இதைவிட மோசமாக இருந்தார் என்றால் எனக்குக் கவலை குறைவு. பன்னிரண்டாம் நாள் இருந்த இடத்திலேயே இன்றும் நிற்கிறார் என்றால் காதைத் தீட்டிக்கொள்வேன். அன்றைக்கு நன்றாக இருந்தவர் இன்றைக்கு மோசம் என்றால் ஃபோனில் பேசுவதை நிறுத்திவிட்டு நேரில் வரச்சொல்வேன்.

நோயாளியிடம் "முன்னைவிடப் பரவாயில்லையா?" என்று கேட்டால் பதில் வராது. மனசு விழுந்திருப்பவருக்கு எல்லா நாளும் ஒரே மாதிரித்தான் தோன்றும். அதனால் அளக்கக்கூடிய எதையாவது பிடிக்க வேண்டும். அக்காவிடம் மூன்றைக் குறித்து வைக்கச் சொன்னேன். முலுண்ட் மேம்பாலப் படியில் எத்தனை தடவை நின்றாள், மதியத்துக்குள் எத்தனை பதிவைத் திருத்த வேண்டியிருந்தது, ராத்திரி எத்தனை தடவை விழித்தாள். ஒரு வாரத்துக்கு, பழைய டைரியில், தினம் ஒரு வரி.

அப்புறம் கேட்டேன், "இப்போ என்னென்ன மாத்திரை போடறே?"

"ஒண்ணுமில்லடா. இருமல் மருந்து, அலர்ஜி மாத்திரை, அவ்வளவுதான்."

மருந்து அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "அலர்ஜி மாத்திரை" என்று அவள் சொன்னது மான்டெலுகாஸ்ட்டும் லிவோசிட்ரிசினும் கலந்தது. ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்ததை, இருமல் நிற்கவில்லை என்று மருந்துக்கடையில் அவளே கேட்டு வாங்கிப் பதினேழு நாள் போட்டிருக்கிறாள். இருமல் சிரப்பில் குளோர்ஃபெனிரமின். லிவோசிட்ரிசின், குளோர்ஃபெனிரமின் இரண்டுமே தூக்கம் வரவழைக்கும் வகை, பின்னது இன்னும் அதிகம். ராத்திரி பதினொரு மணிக்குக் குடித்தால் மறுநாள் காலை ரயிலிலும் அதன் மப்பு இருக்கும். மான்டெலுகாஸ்ட் வேறு ரகம். அது தூக்க மருந்து அல்ல. ஆனால் சிலருக்குக் கெட்ட கனவு, தூக்கக் கெடுதி, எரிச்சல், மனச்சோர்வு, அபூர்வமாகத் தற்கொலை எண்ணம்வரை கொண்டுபோகக்கூடியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் இதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. லேசான மூக்கு அலர்ஜிக்கு வேறு மருந்து போதுமானால் இதைத் தவிர்க்கவும் சொன்னது. நம் ஊரில் இந்தக் கலவை மாத்திரை இருமல், தும்மல் எதற்கும் கிடைக்கிறது. அதை ஒரு மருந்தாகவே யாரும் நினைப்பதில்லை. ஆஸ்துமாவுக்காக மருத்துவர் தொடர்ந்து கொடுத்திருந்தால் தானாக நிறுத்தக் கூடாது, கேட்டுத்தான் மாற்ற வேண்டும். அக்காவுக்கு ஆஸ்துமா கிடையாது. இரண்டையும் நிறுத்தச் சொன்னேன்.

ஒரு வாரத்தில் டைரி மாறியது. திருத்தங்கள் நாளுக்கு ஏழெட்டு என்பது இரண்டு மூன்றாகக் குறைந்தது. ராத்திரி ஒரு தடவைதான் விழிப்பு. சாயங்கால அழுகை நின்றது. மருந்து போனதாலா, இயல்பாகவே தெளிய வேண்டிய நேரம் வந்ததாலா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் அளவு மட்டும் அசையவே இல்லை. மேம்பாலத்தில் இரண்டு தடவை நின்றவள் இப்போதும் இரண்டு தடவை நின்றாள். தலை தெளிந்தது, கால் தெளியவில்லை.

இங்கேதான் நான் சொதப்பினேன். "இன்னும் பத்து நாள் பார்ப்போம், ஃப்ளூ அசதிதான்" என்று சொல்லிவிட்டேன். மூன்று அளவுகளில் இரண்டு தேறி ஒன்று மட்டும் அப்படியே நின்றால் அந்த ஒன்றுக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று வேறு யார் வந்தாலும் யோசித்திருப்பேன். அக்காவை அக்காவாகப் பார்த்தேன், நோயாளியாகப் பார்க்கவில்லை. நோயாளியாக இருந்திருந்தால் முதல் நாளே மாதவிலக்கைப் பற்றிக் கேட்டிருப்பேன். தம்பியாகக் கேட்கவில்லை.

ஐந்தாம் வாரம் கிளினிக்குக்கே வந்தாள். கீழ் இமையை இறக்கிப் பார்த்தேன், வெளுத்திருந்தது. கேட்டபோதுதான் சொன்னாள், ஒன்றரை வருடமாக ஏழெட்டு நாள் போகிறதாம், முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். "வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்."

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4. இருக்க வேண்டியது 12. ஃபெரிடின், அதாவது உடம்பின் இரும்புக் கையிருப்பு, 8. கிட்டத்தட்டக் காலி. இது ஐந்து வாரத்தில் வந்ததல்ல. ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதற்கு அவள் உடம்பு பழகிக்கொண்டிருந்தது. ஃப்ளூ வந்து மிச்சமிருந்த தெம்பையும் உருவியதும் வெளியே தெரிந்துவிட்டது. எல்லாரும் பழியை ஃப்ளூ மேல் போட்டார்கள், நான் உட்பட.

பரிசோதனை எப்போது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காய்ச்சல் போன மறுநாளே "ஃபுல் பாடி செக்கப்" பாக்கேஜ் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் பாதி எண்கள் பொய் சொல்லும். ஃபெரிடின், உடம்பில் அழற்சி இருக்கும்போது தானாகவே உயரும். கையிருப்பு காலியாக இருந்தாலும் காய்ச்சல் வாரத்தில் 40, 50 என்று காட்டி நிம்மதி தரும். தைராய்டு சோதனையிலும் அப்படித்தான். நோயின் உச்சத்தில் டிஎஸ்எச் இறங்கலாம், தேறி வரும்போது கொஞ்சம் ஏறலாம். அக்காவுக்கே ஐந்தாம் வாரம் 5.8 இருந்தது. தைராய்டு மாத்திரை தொடங்காமல் ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பார்த்ததில் 3.1. அன்றைக்கே மாத்திரை எழுதியிருந்தால் தேவையில்லாத ஒன்றை ஆயுள் முழுக்க விழுங்கிக்கொண்டிருந்திருக்கலாம். அதனால் அபாய அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு, மூன்று நான்கு வாரம் ஆகியும் அசதி நிற்கவில்லை என்றால், அப்போது பார்ப்பதுதான் பயன். பட்டியலும் நீளமில்லை. ரத்த எண்ணிக்கை, ஃபெரிடின், டிஎஸ்எச், சர்க்கரை, சிறுநீரக, கல்லீரல் சோதனை, அழற்சிக்கான ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி. சைவம் மட்டும் சாப்பிடுகிறவருக்கும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுக்கிறவருக்கும் பி12 சேர்த்துப் பார்ப்பேன். பி12 குறைந்தால் மறதியும் மந்தமும் கூடவே வரும்.

இன்னொரு கேள்வியும் உண்டு, மும்பையில் அதைக் கேட்காமல் விட முடியாது. வந்தது ஃப்ளூதான் என்று யார் சொன்னது? ஜூலையில் இந்த ஊரில் ஃப்ளூ, டெங்கு, மலேரியா, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல், கோவிட் எல்லாம் ஒன்றாகத்தான் சுற்றும். முக்கால்வாசிப் பேர் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்திருக்க மாட்டார்கள். "வைரல்" என்று ஒரு சொல், ஐந்து நாள் மாத்திரை, அவ்வளவுதான். டெங்கு போன பிறகு வரும் அசதி ஃப்ளூவைவிட நீளமாக இருப்பதைப் பார்க்கிறேன். கோவிட் என்றால் மாதக்கணக்கில் போகலாம். நோய் தொடங்கி மூன்று மாதமாகியும் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அறிகுறி நீடித்து, வேறு காரணமும் இல்லை என்றால் கோவிட்டுக்குப் பிந்தைய நிலை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

என்னை அதிகம் உறுத்துவது காசநோய். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டுக் காசநோய்த் திட்டத்தின் விதி. சாயங்காலம் மட்டும் லேசாகச் சுடுவது, ராத்திரி தலையணை நனையும் அளவு வேர்ப்பது, பேன்ட் இடுப்பில் தளர்வது, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் தாமதிக்கக் கூடாது. ஃப்ளூ இருமலும் இரண்டு வாரம் தாண்டும்தான். ஆனால் இந்த ஊரில் அதை அனுமானமாக விட்டுவைக்க முடியாது. மாநகராட்சி மருத்துவமனைகளில் சோதனையும் சிகிச்சையும் இலவசம். ஒரு பொறி மட்டும் இருக்கிறது. இருமலுக்கு லிவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அது காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கும். இரண்டு வாரம் நன்றாகிவிட்டது போலத் தோன்றி, சோதனை தள்ளிப்போய், பிறகு முற்றித் தெரியும். "மருந்து கேட்டது, அப்புறம் திரும்ப வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் எந்த மருந்து என்று கேட்பது என் வழக்கம்.

சரி, இவை எல்லாம் நாளோ வாரமோ எடுத்துப் பார்க்கக்கூடியவை. காத்திருக்கவே கூடாதவையும் உண்டு.

தமிழில் நாம் அசதியையும் பலவீனத்தையும் ஒன்றாகப் பேசுகிறோம். மருத்துவருக்கு இரண்டும் வேறு. அசதி என்றால் தரையிலிருந்து எழ மனமில்லை, ஆனால் எழுந்தால் எழுந்துவிடலாம். பலவீனம் என்றால் கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை. காய்ச்சல் முடிந்து ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் பாதத்தில் மதமதப்பு தொடங்கி, நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று, அடுத்தடுத்த நாட்களில் முழங்கால், தொடை என்று மேலே ஏறினால் அது கில்லன் பாரே என்ற நரம்பு நோயாக இருக்கலாம். அபூர்வம்தான். ஆனால் மூச்சுவிடும் தசையையும் பிடிக்கும் என்பதால் அன்றைக்கே நரம்பியல் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டிலேயே பார்க்கலாம்: சுவரைப் பிடிக்காமல் குதிகாலில் பத்து அடி நடக்க முடிகிறதா, குந்தி எழ முடிகிறதா. அக்காவால் இரண்டும் முடிந்தது.

இதயத்துக்கு வேறு அடையாளம். ஃப்ளூ சில நேரம் இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். படி ஏறினால் மூச்சு வாங்குவது பலருக்கும் இருக்கும், ஆனால் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம், கணுக்கால் வீக்கம் வந்தால் அதை "ஃப்ளூ அசதி" என்று சொல்லக் கூடாது, உடனே இசிஜி எடுக்க வேண்டும். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி குளிரோடு வந்தால் நுரையீரலில் பாக்டீரியா குடியேறியிருக்கலாம். ஃப்ளூவைவிட ஆபத்தானது பல நேரம் இந்த இரண்டாம் சுற்றுதான். மந்தம் என்பது குழப்பமாக மாறுவதும் அப்படித்தான். எண்ணை மாற்றி அடிப்பது மந்தம். எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்று தெரியாமல் நிற்பது, பேச்சு குளறுவது, எழுப்பினாலும் தெளியாமல் தூங்குவது அவசரம்.

மனசு விழுவதில் எங்கே கோடு போடுவது என்று அத்தான் கேட்டார். சுலபமில்லை. ஃப்ளூவின் பின்வாட்டத்தில் இருப்பவர் பொதுவாக "செய்யணும்னு இருக்கு, முடியல" என்பார். பேரப்பிள்ளை வந்தால் முகம் மலரும், கொஞ்ச நேரத்தில் களைத்துவிடுவார். மனச்சோர்வு நோயில் செய்ய வேண்டும் என்ற ஆசையே வற்றிவிடும், நல்ல செய்தி வந்தாலும் உள்ளே ஒன்றும் அசையாது, "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற பேச்சு வரும். இது தெளிவான சுவர் அல்ல, ஒன்று இன்னொன்றாக மாறவும் செய்யும். முன்பு மனச்சோர்வு வந்தவர்களுக்கும் பிள்ளை பெற்று அதிக நாள் ஆகாதவர்களுக்கும் சீக்கிரம் மாறலாம். நாளின் பெரும்பகுதி இப்படியே இரண்டு வாரம் தொடர்ந்தால் இரும்புச்சத்து, தைராய்டு என்று எண்களைத் துரத்திக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அக்காவுக்கு அந்த இடம் வரவில்லை. "எல்லாம் வேணும்போல இருக்குடா, உடம்புதான் வரமாட்டேங்குது" என்றாள்.

அத்தான் இன்னொன்றும் கேட்டார். பக்கத்துக் கட்டடத்தில் எல்லாரும் காய்ச்சல் விட்டதும் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்கிறார்களே, அக்காவுக்கும் போட்டால் என்ன? அரை லிட்டர் ஐந்து சதவீதக் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்தாறு தேக்கரண்டி. இரண்டு வாழைப்பழமும் ஒரு சொம்பு மோரும் அதைவிடப் பலம். வாந்தி நிற்காமல் வாய்வழியே எதுவும் தங்காதவருக்கு நரம்புவழித் திரவம் தேவைதான். மற்றவர்களுக்கு அது அரை மணி நேரம் படுத்து ஓய்வெடுக்கக் கிடைத்த சாக்கு, அந்த ஓய்வுதான் வேலை செய்கிறது என்பது என் சந்தேகம்.

ஓய்வைப் பற்றி ஒன்று. வேலைக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு வாரத்துத் துணியைத் துவைத்து, பரணைச் சுத்தம் செய்து, செவ்வாய்க்கிழமை எழ முடியாமல் லீவு போட்டாள். திங்கள் நன்றாகத்தான் இருந்தாள் என்பதைக் கவனியுங்கள். உழைத்த அன்றே களைப்பது இயல்பு. ஒரு நாள், ஒன்றரை நாள் தள்ளி இடி மாதிரி விழுவது வேறு. அது தெரிந்தால் "பழகினால் சரியாகும்" என்று தள்ளக் கூடாது. விழுவதற்கு முந்தின அளவுக்குக் கீழே வேலையை வைத்துக்கொண்டு, பத்து நாள் நிலையாக நின்ற பிறகே கூட்ட வேண்டும். பெரும்பாலோருக்கு இந்தத் தள்ளிவிழும் அசதி சில வாரத்தில் மறைந்துவிடும். சிலருக்கு மறையாது.

அந்தச் சிலர் எத்தனை பேர் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் டபோ ஊரில் நடந்த ஆய்வு ஒரு குறிப்பு தருகிறது. அவர்கள் பார்த்தது ஃப்ளூ அல்ல, சுரப்பிக் காய்ச்சல் உள்ளிட்ட வேறு மூன்று தொற்றுகள். 253 பேரைத் தொடர்ந்ததில் ஆறு மாதம் கழித்தும் முடங்கவைக்கும் அசதியோடு இருந்தவர்கள் 29 பேர். 2006-இல் வெளியான அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது எண்ணிக்கை அல்ல. யாருக்கு நீளும் என்பதை முன்கூட்டியே காட்டியது ஆரம்ப நோயின் கடுமைதான். நோயாளியின் சுபாவமோ பழைய மனநிலையோ அல்ல. இரண்டு மூன்று மாதம் ஆகியும், சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும், உழைத்த மறுநாள் விழுகிற ஒருவரிடம் "உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்புவது இதனால்தான் தவறு. எண்களில் ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

அக்காவுக்கு அந்த நிலை வரவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு நார்க்கட்டி தெரிந்தது. மகப்பேறு மருத்துவர் ரத்தப்போக்கைக் குறைக்க மருந்து கொடுத்தார். இரும்பு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள், வெறும் வயிற்றில், காபிக்கு முன்பும் பின்பும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு. காபியைத் தள்ளிப்போடுவதற்குத்தான் அதிகம் சண்டை போட்டாள். செப்டம்பர் முடிவில் ஹீமோகுளோபின் 11.6. மேம்பாலத்தில் நிற்பதில்லை.

போன வாரம் ஃபோன் செய்து, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிடவா என்றாள். ஹீமோகுளோபின் நிறைந்த பிறகும் கையிருப்பு நிறைய மூன்று மாதம் ஆகும் என்று சொன்னேன். "கணக்குல வரவு வந்துடுச்சு, ஆனா வைப்புநிதி காலிங்கிறே" என்றாள். ஃபோனை வைப்பதற்கு முன் அவளே டிசம்பர் கடைசி வரைக்குமான மாத்திரை எண்ணிக்கையைப் போட்டுச் சொன்னாள், தப்பில்லாமல்.